இரண்டு மடல்கள், ஒரே பிழை: மதிப்பெண் மறுபார்வை கேட்கும் மின்னஞ்சல்கள் – ஓர் ஒப்பாய்வு

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 2021 ஒழுங்குமுறையின்கீழ் படிக்கும் மாணவருக்கு ஓர் எழுத்துத் தாளின் 100 மதிப்பெண் இரண்டாகப் பிரிகிறது. 60 பருவ இறுதித் தேர்வுக்கு, 40 கல்லூரிக்குள்ளேயே போடப்படும் இன்டர்னலுக்கு. இறுதித் தேர்வில் சந்தேகம் வந்தால் அதற்குத் தனி வழி உண்டு. குறித்த நாளுக்குள் கட்டணம் கட்டி, கல்லூரி வழியாக விடைத்தாள் நகல் வாங்கி, பிறகு மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த மதிப்பெண்ணைப் பாடம் நடத்திய ஆசிரியரால் மாற்ற முடியாது. ஆனால் இன்டர்னல் 40 அவர் கையில் இருக்கிறது. விடைத்தாளைத் திருத்துபவர் அவர், கூட்டுபவர் அவர், போர்ட்டலில் ஏற்றுபவரும் அவர். ஆகவே மதிப்பெண்ணைத் திருத்தக் கேட்டு ஆசிரியருக்கு மெயில் எழுதிப் பயன் கிடைக்கும் இடம் இந்த 40 மட்டுமே. இந்த ஒப்பாய்வும் அதற்குள்ளேயே நிற்கிறது.

ஒப்பிடுவதற்காக ஒரே பிழையைப் பற்றி இரண்டு மடல்களை எழுதிக்கொண்டேன். எந்த மாணவரின் மடலும் அல்ல. ஆனால் பருவ முடிவில் ஆசிரியர்களுக்கு வந்து சேரும் மடல்கள் இந்த இரண்டில் ஒன்றைத்தான் ஒத்திருக்கும். இரண்டிலும் போர்ட்டல் ஸ்கிரீன்ஷாட் இணைப்பாக இருக்கிறது. இரண்டும் மரியாதையாகவே கேட்கின்றன. ஒன்று பதிலுக்கு நாள் கணக்கில் காத்திருக்க வேண்டியதாகிறது. மற்றது ஆசிரியர் ஒரு விடைத்தாளை எடுத்துப் பார்த்த மாத்திரத்தில் முடிந்துவிடுகிறது. அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி.

பிழை எது?

முதலில் நடந்ததைச் சொல்லிவிடலாம். பாடம் மூன்றாம் பருவத்தின் தரவுக் கட்டமைப்புகள், பாடக் குறியீடு CS3301. ஒழுங்குமுறைப்படி பருவத்தில் இரண்டு அசெஸ்மென்ட், ஒவ்வொன்றும் 100. அந்த 100-இல் 40 அசைன்மென்ட், கருத்தரங்கம், சிறு புராஜெக்ட் போன்றவற்றுக்கு. 60 எழுத்துத் தேர்வுக்கு. இரண்டு அசெஸ்மென்ட்டும் சேர்ந்து 200. அதை 40-க்குச் சுருக்கி, அருகிலுள்ள முழு எண்ணாக்குகிறார்கள். 200-ஐ 40 ஆக்குவது என்றால் 5-ஆல் வகுப்பதுதான்.

நம் எடுத்துக்காட்டில் வரும் கல்லூரி, எழுத்துத் தேர்வை இறுதித் தேர்வு மாதிரியிலேயே 100-க்கு நடத்தி, பிறகு 60-க்கு மாற்றுகிறது. மாணவி முதல் அசெஸ்மென்ட்டில் அசைன்மென்ட்டுக்கு 34, தேர்வில் 100-க்கு 65, அதாவது 60-க்கு 39 வாங்கினார். மொத்தம் 73. இரண்டாம் அசெஸ்மென்ட்டில் அசைன்மென்ட்டுக்கு 35, தேர்வில் 100-க்கு 74, அதாவது 60-க்கு 44.4. மொத்தம் 79.4. இரண்டையும் கூட்டினால் 152.4, ஐந்தால் வகுத்தால் 30.48. ஆக 40-க்கு 30 வர வேண்டும்.

போர்ட்டலில் வந்தது 27. ஏற்றும்போது 74 என்பது 47 என்று விழுந்துவிட்டது. 47-ஐ 60-க்கு மாற்றினால் 28.2. இரண்டாம் அசெஸ்மென்ட் 63.2 ஆகிறது, மொத்தம் 136.2 ஆகிறது, ஐந்தால் வகுத்தால் 27.24. விடைத்தாளில் திருத்தம் சரி, கூட்டலும் சரி. இரண்டு இலக்கங்கள் இடம் மாறியது மட்டுமே பிழை.

முதல் மடல்

பொருள்: மார்க் பற்றி

வணக்கம் மேடம். போர்ட்டலில் எனக்கு இன்டர்னல் ரொம்பக் குறைவாக வந்திருக்கிறது. நான் இரண்டு டெஸ்டும் நன்றாகத்தான் எழுதினேன். என் தோழிக்கு 31 வந்திருக்கிறது, எனக்கு 27 தான். அவளும் நானும் ஒரே மாதிரிதான் எழுதியிருந்தோம். இந்த மார்க்கை வைத்துக்கொண்டு நான் பாஸ் ஆவதே கஷ்டம் மேடம். தயவுசெய்து ரீசெக் செய்து சரியான மார்க் போடுங்கள். ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன். அவசரம் மேடம்.

இரண்டாம் மடல்

பொருள்: CS3301 – இரண்டாம் அசெஸ்மென்ட் தேர்வு மதிப்பெண் பதிவைச் சரிபார்க்க வேண்டுகோள் – இரண்டாம் ஆண்டு ‘பி’ பிரிவு

மதிப்பிற்குரிய மேடம், வணக்கம். இரண்டாம் அசெஸ்மென்ட் எழுத்துத் தேர்வுக்குப் போர்ட்டலில் 60-க்கு 28.2 என்று இருக்கிறது (படம் 1, நேற்று மாலை எடுத்தது). தாங்கள் வகுப்பில் கொடுத்த விடைத்தாளின் முகப்பில் மொத்தம் 100-க்கு 74 (படம் 2, விடைத்தாள் கொடுத்த அன்று எடுத்தது). 74-ஐ 60-க்கு மாற்றினால் 44.4 வருகிறது. 28.2 வர வேண்டுமானால் 100-க்கு 47 எடுத்திருக்க வேண்டும். மற்ற மூன்று பதிவுகளும் என்னிடம் உள்ள குறிப்போடு ஒத்துப்போகின்றன.

இந்த ஒரு பதிவை மட்டும் விடைத்தாளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகிறேன். கணக்கிடும் முறையை நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அதைச் சொன்னால் போதும். வெள்ளிக்கிழமையோடு பதிவு முடிகிறது என்று துறை அறிவிப்பில் பார்த்தேன். நேரில் வர வேண்டுமென்றால் எப்போது வரலாம் என்று சொல்லுங்கள் மேடம். நன்றி.

(கீழே பெயர், ரெஜிஸ்டர் எண், பிரிவு.)

ஸ்கிரீன்ஷாட் எதைக் காட்டுகிறது?

இரண்டு மடல்களும் ஸ்கிரீன்ஷாட்டை மேற்கோள் காட்டுகின்றன. ஆனால் அதற்கு அவை கொடுக்கும் வேலை வேறு.

முதல் மடலில் ஸ்கிரீன்ஷாட்தான் முழு ஆதாரம். படத்தில் ‘27/40’ என்று இருக்கிறது; அது குறைவு; ஆகவே தவறு என்பது வாதம். ஆனால் போர்ட்டல் படம் என்ன பதிவாகியிருக்கிறது என்பதைத்தான் காட்டும். என்ன பதிவாகியிருக்க வேண்டும் என்பதைக் காட்டாது. 27 என்பதை ஆசிரியரும் தம் லாகினில் பார்க்கிறார். அவருக்குத் தெரியாத எதையும் இந்தப் படம் சொல்லவில்லை. பதிவு சரியாக இருந்தாலும் தவறாக இருந்தாலும் இதே படம்தான் வந்திருக்கும்.

இரண்டாம் மடலில் ஸ்கிரீன்ஷாட் பாதி ஆதாரம். மறுபாதி விடைத்தாளின் முகப்பு. ஓரிடத்தில் 28.2, இன்னோரிடத்தில் 74. ஒரே தேர்வுக்கு இரண்டு பதிவுகள் இருக்கின்றன, அவை ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அதுதான் பிழைக்கான அடையாளம். ‘குறைவு’ என்பது மாணவரின் எதிர்பார்ப்புக்கும் பதிவுக்கும் உள்ள இடைவெளி. ‘பொருந்தவில்லை’ என்பது இரண்டு ஆவணங்களுக்கு இடையே உள்ள இடைவெளி. எதிர்பார்ப்பை ஆசிரியரால் சரிபார்க்க வழியில்லை, ஆவணங்களைச் சரிபார்க்கலாம்.

இந்த மறுபாதி தானாகக் கையில் வந்து நிற்காது. பல கல்லூரிகளில் இன்டர்னல் விடைத்தாளை வகுப்பில் கொடுத்து, மாணவர் பார்த்ததும் கையெழுத்து வாங்கித் திரும்பப் பெற்றுவிடுகிறார்கள். நாக், என்பிஏ ஆய்வுகளின்போது காட்டுவதற்காக அவை பாடக் கோப்பில் போய்ச் சேரும். ஆகவே விடைத்தாள் கையில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் முகப்பு மொத்தத்தைப் படம் எடுத்துக்கொள்ள முடியும். வகுப்பில் போன் கூடாது என்றால் நோட்டில் குறித்துக்கொள்ளலாம். தேதியோடு எழுதிய ஒரு வரி போதும். படத்துக்கு இருக்கும் அளவுக்கு வலு இல்லை என்றாலும், ஆசிரியர் எந்தத் தாளை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடும்.

அடுத்தது, எந்தத் திரையைப் படமெடுப்பது என்பது. முதல் மடலின் படம் மொத்தம் வரும் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதில் எந்தப் பகுதியில் குறைந்தது என்று தெரியாது. இரண்டாம் மடலின் படம் பகுதிவாரியான பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. ரெஜிஸ்டர் எண், பாடக் குறியீடு, அசெஸ்மென்ட்டின் பெயர், எத்தனைக்கு எத்தனை என்ற நான்கும் ஒரே படத்தில் விழுந்திருக்கின்றன. எண்ணை மட்டும் பெரிதாக்கி வெட்டி அனுப்பினால் இந்த நான்கும் போய்விடும். அது யாருடைய எண், எந்தப் பாடத்தின் எண் என்று ஆசிரியர் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும்.

படம் எடுத்த நேரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. செல்போன் திரையின் மேல்வரியில் மணி தெரியும், தேதி தெரியாது. ஸ்கிரீன்ஷாட் கோப்பின் பெயரில் பெரும்பாலும் தேதி இருக்கும். ஆனால் அந்தப் படம் வாட்ஸாப் வழியே சுற்றி வந்தால் பெயர் மாறிவிடும், படமும் சுருங்கி எண்கள் மங்கும். அதனால்தான் இரண்டாம் மடல் ‘நேற்று மாலை எடுத்தது’ என்று வாக்கியத்திலேயே சொல்கிறது. போர்ட்டல் பதிவு மாறக்கூடியது. ஆசிரியர் மடலைத் திறக்கும் நேரத்தில் அவரே பிழையைக் கண்டு திருத்தியிருக்கலாம். எப்போது பார்த்த எண் என்று தெரிந்தால் குழப்பம் வராது.

தேதி இன்னொரு பிழையிலிருந்தும் காக்கிறது. பதிவு முழுதாக முடியாதபோதே சில போர்ட்டல்கள் மொத்தத்தைக் கூட்டிக் காட்டிவிடும். இதே மாணவிக்கு இரண்டாம் அசைன்மென்ட்டின் 35 இன்னும் ஏறாமல், மற்றவை எல்லாம் சரியாக ஏறியிருந்தால் மொத்தம் 117.4 ஆகி, 40-க்கு 23 என்று தெரியும். அது பிழை இல்லை, அரைகுறைப் பதிவு. மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு 27-ஐ விட 23 பெரிய அதிர்ச்சியாக இருக்கும். பகுதிவாரிப் பக்கத்தைத் திறந்தவருக்கு அங்கே ஒரு கட்டம் காலியாக இருப்பது தெரியும். இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பார்.

‘ரீசெக்’ என்பது எந்த வேலை?

முதல் மடல் ‘ரீசெக் செய்யுங்கள்’ என்கிறது. மாணவர் வாயில் ஒரே சொல்லாக வருவது ஆசிரியர் மேசையில் மூன்று வேலைகளாகப் பிரிகிறது. பிளஸ் டூ முடித்த எல்லாருக்கும் மறுகூட்டல் வேறு, மறுமதிப்பீடு வேறு என்று தெரியும். இன்டர்னலில் மூன்றாவதாக ஒன்று சேர்கிறது: பதிவுச் சரிபார்ப்பு.

பதிவுச் சரிபார்ப்பு என்பது விடைத்தாள் முகப்பில் உள்ள மொத்தமும் போர்ட்டலில் உள்ளதும் ஒன்றா என்று பார்ப்பது. விடைத்தாளைப் பிரிக்கவே வேண்டாம். மறுகூட்டல் என்றால் உள்ளே ஒவ்வொரு விடைக்கும் போட்ட மதிப்பெண் முகப்புக் கட்டத்துக்கு வந்திருக்கிறதா, கூட்டல் சரியா என்று பார்க்க வேண்டும். பல்கலைக்கழக மாதிரித் தாளில் முகப்புக் கட்டம் நீளமானது. ‘ஏ’ பகுதியில் இரண்டு மதிப்பெண் வினா பத்து, ‘பி’ பகுதியில் ‘அல்லது’ போட்ட பதின்மூன்று மதிப்பெண் வினா ஐந்து, ‘சி’ பகுதியில் பதினைந்து மதிப்பெண் வினா ஒன்று. 12-ஆம் வினாவின் விடையைப் பாதி எழுதி, மீதியைக் கூடுதல் தாளில் தொடர்ந்திருந்தால், அந்த மீதிக்குப் போட்ட மதிப்பெண் முகப்புக்கு வராமல் போவது உண்டு. மறுமதிப்பீடு இவை இரண்டும் இல்லை. விடையை மறுபடி படித்து, இதற்கு 7 போதுமா, 9 தர வேண்டுமா என்று மீண்டும் முடிவெடுப்பது.

முதல் மடலைப் பெற்ற ஆசிரியர் இந்த மூன்றில் எதைச் செய்ய வேண்டும் என்று தெரியாமல் நிற்கிறார். 27 என்ற மொத்தத்துக்குள் நான்கு பகுதிகள் இருக்கின்றன. இரண்டு விடைத்தாள்களையும் இரண்டு அசைன்மென்ட்களையும் தேடி எடுத்து, ஒவ்வொன்றையும் பதிவோடு ஒப்பிட்டு, கூட்டி, ‘நன்றாகத்தான் எழுதினேன்’ என்பதற்காக ஒருவேளை மறுபடி படிக்கவும் வேண்டும். இரண்டு மூன்று பிரிவுகளுக்குப் பாடம் நடத்தும் ஒருவர், எந்தப் பிரிவு என்றுகூடச் சொல்லாத ஒரு மடலுக்காக இதைச் செய்ய ஓய்வு நேரம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். இதில் அலட்சியம் எதுவும் இல்லை. கேட்கப்பட்ட வேலையின் அளவு அது.

இரண்டாம் மடல் கேட்பது மூன்றில் மிகச் சிறிய வேலை, அதுவும் ஒரே ஒரு கட்டத்துக்கு. ஆசிரியர் இரண்டாம் அசெஸ்மென்ட் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி முகப்பைப் பார்க்கிறார்: 74. போர்ட்டலில் அவர் ஏற்றியது 47. முடிந்தது. சிறிய வேலையைக் கேட்டதால்தான் அது உடனே நடக்கிறது.

கணக்குப் போட்ட மடல், போடாத மடல்

இரண்டாம் மடலில் முக்கியமான வரி ‘28.2 வர வேண்டுமானால் 100-க்கு 47 எடுத்திருக்க வேண்டும்’ என்பது. மாணவி மாற்றிய எண்ணிலிருந்து பின்னோக்கிப் போய், ஆசிரியர் எதைத் தட்டச்சு செய்திருப்பார் என்று கண்டுபிடித்திருக்கிறார். 28.2-ஐ 60-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 47. அந்த எண்ணை 74-க்குப் பக்கத்தில் வைத்ததும் பிழை தானாகத் தெரிகிறது. ‘இலக்கம் மாறிவிட்டது’ என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. ஆசிரியர் பார்த்தவுடனே புரிந்துகொள்வார். தம் கை செய்த பிழையைத் தாமே கண்டதாக அவருக்கு இருக்கும். குற்றஞ்சாட்டும் தொனியும் வரவில்லை.

கணக்கெழுதுகிறவர்கள் பல காலமாகக் கையாளும் ஒரு சோதனை இங்கே உதவும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினால், சரியான எண்ணுக்கும் தவறான எண்ணுக்கும் உள்ள வேறுபாடு எப்போதும் 9-ஆல் மீதியின்றி வகுபடும். 74-இல் 47 போனால் 27. 63, 36 ஆனாலும் 27. 81, 18 ஆனால் 63. வேறுபாடு 9-இன் மடங்காக இருப்பதாலேயே இலக்கம் மாறியது என்று உறுதியாகாது. வேறு காரணத்தாலும் 27 குறையலாம். ஆனால் 9-ஆல் வகுபடாவிட்டால் இலக்கம் மாறவில்லை என்பது உறுதி. அப்போது வேறு இடத்தில் தேட வேண்டும். இந்தச் சோதனையைத் தட்டச்சு செய்த மூல எண்ணில்தான் போட வேண்டும். 44.4-க்கும் 28.2-க்கும் உள்ள வேறுபாடான 16.2-இல் போட்டால் ஒன்றும் தெரியாது. பின்னோக்கிக் கணக்குப் போடுவதற்கு அதனாலும் ஒரு பயன் இருக்கிறது.

அடிக்கடி வரும் இன்னொரு பிழை வரிசை இறங்குவது. பட்டியலில் ஒருவர் தேர்வுக்கு வராதிருப்பார். அவருடைய கட்டத்தைத் தாண்டாமல் அடுத்தவரின் மதிப்பெண்ணை அதில் போட்டுவிட்டால், அங்கிருந்து கீழே எல்லாருக்கும் ஒரு வரி தள்ளிப் பதிவாகும். இதில் மாணவரின் எண்ணுக்கும் விடைத்தாளுக்கும் எந்த ஒழுங்கான உறவும் இருக்காது. ஆனால் அடுத்தடுத்த ரெஜிஸ்டர் எண்களில் பலருக்கு ஒரே நேரத்தில் பொருந்தாமல் போகும். ஒரே வகுப்பிலிருந்து நாலைந்து மடல்கள் ஒரே நாளில் வந்தால் ஆசிரியர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஒவ்வொருவரும் தத்தம் எண்ணையும் தத்தம் விடைத்தாள் மொத்தத்தையும் மட்டும் எழுதினாலே அவருக்குப் படம் முழுதாகத் தெரிந்துவிடும்.

முதல் மடலும் ஒரு கணக்கைச் சொல்கிறது, ஆனால் போட்டுப் பார்க்காமல் சொல்கிறது: இந்த மார்க்கோடு பாஸ் ஆவது கஷ்டம் என்று. 2021 ஒழுங்குமுறைப்படி தேர்ச்சிக்கு இரண்டு நிபந்தனைகள். இறுதித் தேர்வில் குறைந்தது 45 விழுக்காடு, அதாவது 60-க்கு 27. இன்டர்னலும் இறுதித் தேர்வும் சேர்ந்து 100-க்கு 50. இன்டர்னல் 27 உள்ளவர் இறுதித் தேர்வில் குறைந்தபட்சமான 27-ஐ எடுத்தாலே மொத்தம் 54 ஆகிவிடும். இன்டர்னல் 30 ஆனாலும் அந்த 27-ஐ எடுத்தே ஆக வேண்டும். ஆகவே இந்த மூன்று மதிப்பெண் தேர்ச்சியைத் தீர்மானிக்கவில்லை. இன்டர்னல் 23-க்குக் கீழே போனால்தான் இறுதித் தேர்வில் 27-க்கு மேல் எடுக்க வேண்டிய நிலை வரும். மூன்று மதிப்பெண் மொத்தத்திலும் கிரேடிலும் கணக்காகும். அதற்காகக் கேட்பது நியாயம்தான். ஆனால் ஆசிரியருக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். நடக்காத ஒன்றைக் காரணமாகச் சொன்ன மடலில், மற்ற வரிகளையும் அவர் அதே சந்தேகத்தோடு படிப்பார்.

தோழியின் 31

முதல் மடலில் உள்ள வரிகளில் மாணவிக்கு மிக வலுவானதாகத் தோன்றியிருக்கக்கூடியது தோழியோடு ஒப்பிட்டதுதான். கேட்பவர் காதில் அது வேறு மாதிரி விழும். ஒரே மாதிரி எழுதிய இருவருக்கு 31-உம் 27-உம் வந்திருக்கின்றன என்றால், 27 தவறு என்று மட்டும் அது சொல்லவில்லை. 31 தவறாக இருக்கலாம் என்றும் சொல்கிறது. அதோடு ‘ஒரே மாதிரி எழுதினோம்’ என்பது, யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்ற கேள்வியையும் எழுப்பிவிடும். தோழியின் மதிப்பெண் தோழிக்குரியது. அவள் கேட்காத ஒரு சரிபார்ப்புக்குள் அவளை இழுத்துவிட மாணவிக்கு உரிமை இல்லை.

இரண்டாம் மடலிலும் ஒப்பீடு இருக்கிறது: ‘மற்ற மூன்று பதிவுகளும் ஒத்துப்போகின்றன.’ இது தன்னோடு தன்னை ஒப்பிடுவது. மாணவி நான்கையும் பார்த்துவிட்டு ஒன்றை மட்டும் கேட்கிறார் என்பதை இந்த ஒரு வரி காட்டுகிறது. மற்ற மூன்றைப் பார்க்க வேண்டியதில்லை என்று ஆசிரியரின் வேலையையும் குறைக்கிறது.

நாள்

முதல் மடல் ‘அவசரம்’ என்கிறது. இரண்டாவது ‘வெள்ளிக்கிழமையோடு பதிவு முடிகிறது’ என்கிறது. முதலாவது மாணவியின் மனநிலை. இரண்டாவது ஆசிரியரையும் கட்டும் ஒரு நாள்.

அந்த நாளுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்றால், பதிவு திறந்திருக்கும்வரை திருத்தம் ஆசிரியர் கையில் இருக்கிறது. 47-ஐ அழித்து 74 போட்டால் தீர்ந்தது. பதிவு பூட்டப்பட்ட பிறகு அதே திருத்தத்துக்கு ஆசிரியர் விளக்கம் எழுத வேண்டும், துறைத் தலைவர் கையெழுத்திட வேண்டும், கல்லூரித் தேர்வுப் பிரிவு மறுபடி திறந்துவிட வேண்டும். மதிப்பெண்கள் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், விஷயம் ஆசிரியரின் கையையும் கல்லூரியின் கையையும் தாண்டிவிடும். பிழை ஒன்றுதான், கடந்துபோன நாளைப் பொறுத்து அதைத் திருத்தும் வேலை மாறுகிறது.

மெயிலின் தனிப் பயன் இங்கேதான். வராந்தாவில் ஆசிரியரை நிறுத்திச் சொன்னது அவருக்கு நினைவில் இல்லாமல் போகலாம். மெயிலில் தேதியும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும். வெள்ளிக்குள் திருத்தம் நடக்காமல் போனாலும், பூட்டுவதற்கு முன்பே பிழை சுட்டிக்காட்டப்பட்டது என்பதற்கு அது சான்றாக நிற்கும். பதில் வராவிட்டால் புதிதாக ஒரு மெயில் தொடங்காமல், பழைய மடலின் கீழேயே இரண்டு வரி எழுதி அனுப்ப வேண்டியதும் இதற்காகத்தான். முதல் தேதியும் படங்களும் கூடவே வரும். பதிவு முடியும் நாள் நெருங்கியும் பதில் இல்லையென்றால், வகுப்பு ஆலோசகரிடம் அந்த மடலைக் காட்டி நேரில் பேசலாம். முதன்முறை எழுதும்போதே துறைத் தலைவரையும் முதல்வரையும் நகலில் சேர்ப்பது, ஆசிரியர் மறுப்பதற்கு முன்பே அவர்மேல் புகார் கொடுப்பதாகிவிடும்.

முதல் மடலில் உள்ள நியாயம்

இரண்டாம் மடல் எழுத முடிந்ததற்குக் காரணம், மாணவியிடம் விடைத்தாள் முகப்பின் படம் இருந்ததுதான். எல்லாருக்கும் அது இருக்காது. சில இடங்களில் விடைத்தாள் மாணவர் கைக்கே வருவதில்லை. ‘நன்றாகத்தான் எழுதினேன்’ என்பதைத் தவிர வேறு எதுவும் கையில் இல்லாதவர்தான் முதல் மடலை எழுதுகிறார். அந்தத் தவிப்பு உண்மையானது. சில வரிகளுக்குள் அதை அவர் மறைக்காமல் சொல்லியும் இருக்கிறார்.

ஆனால் அந்த நிலையிலும் கேட்க வேண்டியது வேறு. இரண்டாவது ஆவணம் இல்லாதவர், மதிப்பெண்ணை மாற்றக் கேட்பதற்கு முன்னால் அந்த ஆவணத்தைப் பார்க்கக் கேட்க வேண்டும்: ‘இரண்டாம் அசெஸ்மென்ட்டில் 60-க்கு 28.2 என்று இருக்கிறது. நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. விடைத்தாளை ஒருமுறை பார்க்க அனுமதி வேண்டும்.’ மூன்று வரிதான். இதற்குக் கணக்கும் தேவையில்லை, படம் ஒன்று போதும். பார்த்த பிறகு முகப்பில் 47 தான் இருக்கிறது என்றால் பேச்சு அங்கே முடியும், அல்லது கூட்டலுக்குப் போகும். 74 இருந்தால் இரண்டாம் மடலில் உள்ள எல்லாமே கைக்கு வந்துவிடும்.

இரண்டாம் மடல் செல்லாத இடம்

ஒரு மாணவர் 13-ஆம் வினாவுக்கு 13-க்கு 7 வாங்கியிருக்கிறார். விடைத்தாளில் 7, முகப்பில் 7, போர்ட்டலும் அதே மொத்தத்தைக் காட்டுகிறது. எல்லாம் பொருந்துகின்றன, மாணவருக்கு 10 வர வேண்டும் என்று தோன்றுகிறது. இங்கே ஸ்கிரீன்ஷாட்டுக்கு வேலையே இல்லை. எத்தனை படம் இணைத்தாலும் அவை ஒரே எண்ணைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லும். இது மறுமதிப்பீடு. இதைக் கேட்க ஆசிரியர் வினாவுக்கு வைத்திருந்த விடைக்குறிப்பு தெரிய வேண்டும்: படத்துக்கு எத்தனை, நிரலுக்கு எத்தனை, நேரச் சிக்கல்தன்மையைக் கணக்கிட்டதற்கு எத்தனை என்று. ‘நிரலுக்குரிய 5 மதிப்பெண்ணில் எனக்கு 1 வந்திருக்கிறது, எங்கே தவறினேன்?’ என்று கேட்டால் ஆசிரியர் பதில் சொல்ல முடியும். அந்தக் கேள்விக்கு மெயிலைவிட விடைத்தாளை மேசையில் வைத்து நேரில் கேட்பதே பொருத்தம். பதிவுப் பிழைக்கான மடலின் வடிவத்தை இதற்குக் கடன் வாங்கினால், தீர்ப்பைக் குறித்த கருத்து வேறுபாட்டைத் தட்டச்சுப் பிழை போலக் காட்டியதாகிவிடும்.

இன்னொரு எல்லையும் உண்டு. தாளைத் திறந்தால் எண் எந்தப் பக்கமும் நகரலாம். 47, 74 ஆகும்போதே, உள்ளே ஒரு விடைக்கு இருமுறை கூட்டியிருப்பது கண்ணில் பட்டு 72 ஆகவும் ஆகலாம். அப்படி ஆனால் 60-க்கு 43.2, மொத்தம் 151.2; 40-க்கு 30.24, ஆக அதே 30 தான். வேறொரு தாளில் அது ஒரு மதிப்பெண்ணைக் குறைத்துவிடலாம். சரிபார்க்கச் சொன்னவர் அந்தக் குறைவையும் ஏற்றாக வேண்டும்.

இரண்டு மடல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வேறுபாடு பணிவிலும் இல்லை, மொழித் தேர்ச்சியிலும் இல்லை. முதலாவது 27 என்ற எண் தவறு என்று நம்பும்படி ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறது. இரண்டாவது எந்தக் கட்டத்தை எந்தத் தாளோடு ஒப்பிட வேண்டும் என்று காட்டிவிட்டு, முடிவை அவரிடமே விடுகிறது. போர்ட்டலில் குறைந்த எண்ணைக் கண்டதும் மெயிலைத் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை இரண்டு: பகுதிவாரிப் பக்கத்துக்குப் போய் எந்தக் கட்டம் என்று பார்ப்பது, அந்தக் கட்டத்துக்குரிய விடைத்தாள் மொத்தத்தைப் பக்கத்தில் எழுதுவது. அவை பொருந்தாவிட்டால் சரிபார்க்கக் கேட்கலாம். இரண்டாவது எண் கையில் இல்லையென்றால் விடைத்தாளைக் காட்டக் கேட்கலாம். பொருந்திவிட்டால் அந்த மடலை எழுத வேண்டியதே இல்லை.